'என்று' முடியும் இடம் தெரிகிறது, தொடங்கும் இடம்?

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத் தமிழில் ஒரு சிறு சொல் இருக்கிறது. எழுத்தில் அது 'என்று'. நமது பேச்சில் 'எண்டு', சில ஊர்களில் வெறும் 'ண்டு'. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும். வகுப்பில் இந்தச் சொல்லை நேர்கூற்று, அயற்கூற்று என்ற பாடத்தில் சந்திக்கிறோம். "நான் நாளை வருவேன்" என்று அவள் கூறினாள். தான் மறுநாள் வருவதாக அவள் கூறினாள். நான் என்பது தான் ஆகும், நாளை என்பது மறுநாள் ஆகும், இங்கே என்பது அங்கே ஆகும். இரண்டு புள்ளி கிடைக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

ஆனால் இந்தச் சொல் உண்மையில் வேலை செய்யும் இடம் இப்போது பரீட்சைத் தாள் அல்ல, கைத்தொலைபேசி. வீட்டில் நடந்த ஒரு பேச்சை, அங்கே இல்லாத ஒருவருக்கு நாலு வரியில் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறோம். அந்த நாலு வரியில் 'என்று' சரியாக நின்றால் பேச்சு அப்படியே போய்ச் சேரும். பிசகி நின்றாலோ ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதாகிவிடும், கேள்வி மறுப்பாகிவிடும். இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லாமல் இது நடக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கில் ஓர் ஊர். மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் இப்போது கொழும்பில் ஓர் ஆங்கில வகுப்புக்காகத் தங்கியிருக்கிறாள். கண்டியில் இருக்கும் மாமி தொலைபேசியில் உம்மாவோடு பேசுகிறா. இளைய மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேச்சு இப்படிப் போகிறது.

"மகளுக்குப் பேராதனை கிடைச்சிட்டாமே, சரியான சந்தோசம். இவ்வளவு தூரம் அனுப்பப் போறீங்களா?" என்கிறா மாமி.

"அனுப்பத்தான் நினைச்சிருக்கம். அவங்கட வாப்பாக்குத்தான் கொஞ்சம் யோசனை" என்கிறா உம்மா.

"தூரமெண்டா எனக்கும் பயம்தான். ஆனா படிக்கிற பிள்ளைய மறிக்காதீங்க. ஹொஸ்டல் கிடைக்கும் வரைக்கும் எங்கட வீட்டில நிண்டு போகட்டும்."

"அவருக்கிட்ட பேசிப் பார்க்கிறன்."

இவ்வளவுதான் நடந்தது. இளையவள் உடனே ராத்தாவுக்கு இப்படி எழுதுகிறாள்:

"மாமி கோல் எடுத்தா. அவ்வளவு தூரம் அனுப்பப் போறீங்களா எண்டு கேட்டா. தனக்கு பயமாம். வாப்பாக்கும் விருப்பமில்ல எண்டு. உம்மா பேசிப் பார்க்கிறாவாம்."

கொழும்பில் இருந்து இதை வாசிக்கும் ராத்தாவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மாமிக்கு விருப்பமில்லை, வாப்பாவுக்கும் விருப்பமில்லை, உம்மா பாவம் தனியாக நின்று போராடுகிறா. இதைத் தவிர வேறெதையும் இந்தச் செய்தியில் இருந்து எடுக்க முடியாது. உண்மையிலோ மாமி தன் வீட்டையே திறந்து விட்டிருக்கிறா. தங்கை பொய் சொல்லவும் இல்லை. பயம் என்று மாமி சொன்னது உண்மை, கேள்வி கேட்டதும் உண்மை. அப்படியானால் எந்த இடத்தில் இது புரண்டது?

இதைப் பார்க்குமுன் 'என்று' என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 'என்' என்று ஒரு பழைய வினை. சொல் என்பதுதான் அதன் பொருள். என்கிறாள், என்றாள், என்பாள் என்று அது மூன்று காலத்திலும் நடக்கும். அதன் இறந்தகால வினையெச்சமே என்று. 'வருவேன் என்று சொன்னாள்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'வருவேன்' எனக் கூறிச் சொன்னாள் என்றாகும். அயலில் உள்ள சிங்கள மொழியும் இதே வேலைக்குக் 'கியலா' என்ற சொல்லை வைத்திருக்கிறது. அதுவும் சொல்லுதல் என்ற வினையில் இருந்து வந்ததுதான். இரண்டு மொழியையும் பேசும் நம் பிள்ளைகள் இதைக் கவனித்தால் இரண்டும் எளிதாகும்.

'என்று' எப்போதும் சொன்ன பேச்சின் பின்னால்தான் வரும். ஒருவர் பேசியதற்கு அது போடுகிற பூட்டு போன்றது. பேச்சு இந்த இடத்தில் முடிந்தது என்று காட்டும். எந்த இடத்தில் தொடங்கியது என்று காட்டாது. நேரில் பேசும்போது இது குறையாகத் தெரிவதில்லை. மாமி சொன்னதைச் சொல்லத் தொடங்கும்போது நாம் சற்று நிறுத்துவோம், குரலை மாற்றுவோம், சிலர் மாமி போலவே கையையும் ஆட்டுவார்கள். தொடக்கத்தைக் குரல் காட்டும், முடிவைச் சொல் காட்டும். அச்சிட்ட கதையில் மேற்கோள் குறி அதைக் காட்டும். குறுஞ்செய்தியில் குரலும் இல்லை. மேற்கோள் குறியை யாரும் தேடிப் போடுவதும் இல்லை.

"மாமி நான் வரோணும் எண்டு சொன்னா." இந்த ஒரு வரியைப் பாருங்கள். பேச்சு 'நான்' என்ற சொல்லில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், வரவேண்டியவர் மாமி. அவவே தன்னைப் பற்றி "நான் வரோணும்" என்றிருக்கிறா. செய்தியை எழுதியவள் மாமியின் பேச்சைத் தன் வாயால் மாற்றிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டால், வரவேண்டியவள் எழுதியவள். இரண்டு வாசிப்பும் தமிழில் சரியானவை. வேண்டும் என்ற சொல்லுக்கு நான், நீ, அவள் என்ற பால் இட விகுதி இல்லை. ஆகவே வினைமுடிவும் உதவிக்கு வராது. நேர்கூற்றையும் அயற்கூற்றையும் தமிழ் ஒரே 'என்று' கொண்டு கட்டுவதால் வரும் சங்கடம் இது.

பரீட்சையில் நாம் எழுதும் 'தான்' இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது. "தான் வரோணும் எண்டு மாமி சொன்னா" என்றால் மயக்கம் தீர்ந்துவிடும். ஆனால் 'தான்' எழுதும்போதும் ஒரு கவனம் தேவை. "மாமிதான் வாறதா சொன்னா" என்று சேர்த்து எழுதினால், வேறு யாரும் அல்ல, மாமியே என்று அழுத்தம் கொடுக்கும் 'தான்' அது. "மாமி தான் வாறதா சொன்னா" என்று இடைவெளி விட்டால் தன்னைக் குறிக்கும் 'தான்' ஆகலாம். கைத்தொலைபேசியில் இடைவெளியை யார் பார்த்து விடுகிறார்கள்? ஆகவே பெயரையும் தானையும் பக்கத்தில் வைக்காமல், பெயரை 'என்று' என்பதற்குப் பின்னால் கொண்டுபோவது பாதுகாப்பு.

பெயர் நிற்கும் இடம் பெரிய விஷயம். "மாமி வாப்பா வரமாட்டார் எண்டு சொன்னா" என்று இரண்டு பேரை முட்டவிட்டு எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். "வாப்பா வரமாட்டார் எண்டு மாமி சொன்னா" என்றால் தடுமாற்றமே இல்லை. பூட்டுக்கு உள்ளே இருப்பது வாப்பாவைப் பற்றிய செய்தி. பூட்டுக்கு வெளியே நிற்பவர் பேசியவர். சொன்ன பேச்சு ஒரு வரிக்குள் அடங்குமானால் இதுவே நல்ல ஒழுங்கு. பேச்சு நீளமானால் மட்டும், பேசியவர் யார் என்று கடைசிவரை வாசிப்பவரைக் காத்திருக்க வைக்கக்கூடாது. அப்போது "மாமி சொன்னது இது" என்று முதலிலேயே தொடக்கத்தைக் காட்டிவிட வேண்டும்.

நம்மவர் பேச்சில் இதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. மேல் மாகாணத்திலும் தெற்கிலும் மலைநாட்டிலும் நம்மவர்கள் பலர் "நான் போன, நீங்க போன, அவ போன" என்று எல்லாருக்கும் ஒரே முடிவைத்தான் போடுகிறோம். எழுத்துத் தமிழில் "வருவேன் என்று சொன்னாள்" என்றால் ஏன் விகுதியும் ஆள் விகுதியும் யார் வருவது, யார் சொன்னது என்று தாமே சொல்லிவிடும். நமது பேச்சில் "வாற எண்டு சொன்ன" என்றால் வருபவரும் தெரியாது, சொன்னவரும் தெரியாது. இதைக் குறையென்று சொல்லிப் பிள்ளைகளின் பேச்சைத் திருத்தப் புறப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது நம் ஊர்களின் பேச்சு. அதற்கென்று ஒழுங்கு உண்டு. முன்னால் நின்று பேசும்போது எவரும் குழம்புவதில்லை. ஆனால் அந்தப் பேச்சையே செய்தியாக எழுதும்போது, விகுதி செய்யாத வேலையைப் பெயர் செய்தாக வேண்டும். "மாமி வாற எண்டு உம்மா சொன்ன" என்று இரண்டு பெயரும் இருந்தால் போதும்.

'எண்டா' என்ற சொல்லையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். என்றாள் என்பதும் எண்டா, என்றால் என்பதும் எண்டா. "மாமி வாறா எண்டா சமைக்கிறன்" என்று உம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு செய்தி வந்தால், மாமி வருகிறா என்று யாரோ சொன்னதால் சமையல் நடக்கிறதா, அல்லது மாமி வந்தால் மட்டுமே சமையலா? காதுக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்கும். கண்ணுக்கு ஒன்றுதான். 'எண்டு சொன்னா' என்று ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதினால் தீர்ந்துபோகும்.

இனித் தங்கையின் செய்திக்குத் திரும்புவோம்.

முதல் வரியில் 'என்று' ஒழுங்காகத்தான் நிற்கிறது. "அவ்வளவு தூரம் அனுப்பப் போறீங்களா எண்டு கேட்டா." கண்டியில் இருந்து மாமி சொன்ன 'இவ்வளவு தூரம்' கிழக்கில் 'அவ்வளவு தூரம்' ஆனதும் சரியே. கேள்வி கேள்வியாகவே வந்திருக்கிறது. இது 'என்று' என்பதன் பெரிய பலம். வருவதாக, போவதாக என்று 'ஆக' போட்டுச் சொன்னால் சாதாரணக் கூற்றை மட்டும்தான் கொண்டுபோகலாம். கேள்வியையும் கட்டளையையும் அதில் ஏற்ற முடியாது. 'என்று' எதையும் ஏற்றும். ஆயினும் தொனியை அது ஏற்றாது. மாமி சந்தோசம் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டா. அந்தச் சந்தோசத்தை எடுத்துவிட்டால், விசாரிப்பு வேறு முகம் காட்டுகிறது. அனுப்பப் போறீங்களா என்பது அனுப்பவா போறீங்க என்பது போல வாசிக்கப்படும்.

அடுத்தது "தனக்கு பயமாம்". இந்த 'ஆம்' இருக்கிறதே, அது 'என்று' என்பதன் தம்பி போலத் தோன்றினாலும் குணம் வேறு. இது நான் கேள்விப்பட்டது, இதற்கு நான் பொறுப்பில்லை என்று அது சொல்லும். யாரோ சொன்ன செய்தியைச் சொல்ல அது மிகவும் நேர்மையான கருவி. சிங்களத்திலும் இதற்கென்று 'லு' இருக்கிறது. ஆனால் நம் காதாலேயே கேட்ட பேச்சுக்கு 'ஆம்' போடும்போது அதில் ஒரு சந்தேகம் ஏறிவிடுகிறது. சில வேளை கேலியும் ஏறிவிடுகிறது. "அவவுக்குப் பயமாம்!" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். எழுத்தில் அந்த இழுப்பு இல்லாவிட்டாலும், வாசிப்பவர் கோபத்தில் இருந்தால் தாமாகவே இழுத்து வாசித்துக்கொள்வார். இங்கே மாமி சொன்னது பயம் அல்ல, "பயம்தான். ஆனா" என்பது. தமிழில் இப்படித் 'தான்' போட்டு ஒன்றை ஒப்புக்கொண்டால் அடுத்து ஓர் 'ஆனால்' வருகிறது என்று அர்த்தம். முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஆம்' போட்டதால் பின்பாதி, அதாவது மாமி உண்மையில் சொல்ல வந்த விஷயம், வெளியே நின்றுவிட்டது. ஒரு பேச்சைச் சுருக்கும்போது முதலில் விழுவது பெரும்பாலும் இந்த 'ஆனால்' தான். அதற்குப் பின்னால் வருவதே நீளமானதாக இருக்கும்.

மூன்றாவது வரிதான் மிகவும் கெட்டது. "வாப்பாக்கும் விருப்பமில்ல எண்டு." வரி 'எண்டு' என்று முடிந்துவிட்டது, வினையே இல்லை. குறுஞ்செய்திகளில் இந்தப் பழக்கம் பரவிக்கொண்டு வருகிறது. சொன்னா என்று எழுதினால் என்ன, விட்டால் என்ன, விளங்கும்தானே என்று விடுகிறார்கள். ஆனால் 'என்று' சொன்னதற்கு மட்டும் வரும் சொல் அல்ல. நினைத்தாள், பயந்தாள், விளங்கியது, தோன்றியது என்று மனத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே வரும். வாப்பாவுக்கு விருப்பமில்லை என்று வாப்பா சொன்னாரா? உம்மா சொன்னாவா? மாமி நினைக்கிறாவா? அல்லது தங்கைக்கே அப்படித் தோன்றியதா? மேல் வரிகளில் பேசிக்கொண்டிருந்தவர் மாமி என்பதால், ராத்தா இதையும் மாமி தலையில்தான் கட்டுவாள். உண்மையில் இதைச் சொன்னவர் உம்மா. அவ சொன்னதும் விருப்பமில்லை என்று அல்ல, கொஞ்சம் யோசனை என்று.

அதே வரியில் இன்னொரு சின்ன எழுத்தும் இடம் மாறியிருக்கிறது, 'உம்'. "எனக்கும் பயம்தான்" என்ற மாமியின் 'உம்', வாப்பாவின் யோசனையை விளங்கிக்கொண்ட ஒருவரின் 'உம்'. "எனக்கும் அப்படித்தான், ஆனாலும் அனுப்புங்க" என்ற அன்பு அதில் இருக்கிறது. செய்தியில் அது 'வாப்பாக்கும்' என்று மாறியதும், மாமி முதலில் எதிர்த்து வாப்பாவும் அவவோடு சேர்ந்துகொண்டது போல ஆகிவிட்டது.

கடைசியில் "உம்மா பேசிப் பார்க்கிறாவாம்". யாரோடு? மாமியோடா, வாப்பாவோடா? பக்கத்தில் இருந்து கேட்ட தங்கைக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரிவதால்தான் எழுதவில்லை.

இதற்கு ராத்தா என்ன பதில் எழுதுவாள்? "எல்லாருக்கும் கஷ்டமெண்டா நான் போகல்ல எண்டு சொல்லுங்க" என்று எழுதலாம். இதையும் தங்கைதான் உம்மாவிடம் கொண்டுபோவாள்: "ராத்தா போகமாட்டாவாம்." உம்மா அதை வாப்பாவிடம் சொல்லும்போது, "அவளுக்கும் போக விருப்பமில்ல எண்டு." 'எல்லாருக்கும் கஷ்டமெண்டா' என்ற நிபந்தனை முதல் கையிலேயே விழுந்துவிட்டது. விட்டுக்கொடுப்பு மறுப்பாகி, மறுப்பு விருப்பமின்மையாகிவிட்டது. பல்கலைக்கழகப் பதிவுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குள் யாராவது ஒருவர் நேரில் பேசினால்தான் இந்தப் பிள்ளை பேராதனைக்குப் போவாள்.

அந்தச் செய்தியை வேறு எப்படி எழுதியிருக்கலாம்?

"மாமி கோல் எடுத்தா. 'தூரமெண்டா எனக்கும் பயம்தான், ஆனா மறிக்காதீங்க, ஹொஸ்டல் கிடைக்கும் வரைக்கும் எங்கட வீட்டில நிண்டு போகட்டும்' எண்டு சொன்னா. வாப்பாக்கு கொஞ்சம் யோசனை எண்டு சொன்னது உம்மா. வாப்பாக்கிட்ட உம்மா பேசுவா."

முதல் செய்தி 17 சொல். இது 26 சொல். ஒன்பது சொல்தான் கூடுதல். மாமியின் பேச்சு அவவின் சொல்லிலேயே இருக்கிறது. மேற்கோள் குறி தொடக்கத்தைக் காட்டுகிறது. 'எண்டு சொன்னா' முடிவைக் காட்டுகிறது. உம்மா சொன்னது உம்மாவின் பெயரில் இருக்கிறது. 'ஆம்' ஒன்றும் இல்லை, ஏனென்றால் எல்லாம் அவளே கேட்டது. மாமியின் முதல் கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு மாமியே பின்னால் பதில் சொல்லிவிட்டதால் அது தேவையில்லை. எதை விடுவது என்பதை, பேசியவர் எதில் முடித்தார் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். தங்கை தொடக்கத்தை வைத்துக்கொண்டு முடிவை விட்டாள். நேர்மாறாகச் செய்திருந்தால் பாதிக் கேடு வந்திராது.

மேற்கோள் குறி தேடுவது தொல்லை என்பவர்கள் புதிய வரியில் தொடங்கினாலும் போதும். ஒருவருடைய பேச்சுக்கு ஒரு வரி. குரல்பதிவு அனுப்பினால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். ஓரளவு உண்மைதான், குரலில் தொடக்கமும் தொனியும் வந்துவிடும். ஆனால் வகுப்பில் இருக்கும் ராத்தா அதை உடனே கேட்க முடியாது. எழுதிய செய்தியைத்தான் எட்டிப் பார்ப்பாள். மேலும் விழுந்த 'ஆனால்' குரலிலும் விழுந்ததுதான்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாடசாலையில் இருந்து பிள்ளை கொண்டுவரும் செய்திகளில் மிகுதியாக வருவது 'வரட்டாம்'. "டீச்சர் உம்மாவ வரட்டாம்." கேட்டவுடனே நெஞ்சு பதறும். ஆசிரியை சொன்னது, "உம்மாக்கு ஏலுமெண்டா இந்தக் கிழமை ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க, அவசரமில்ல" என்பதாக இருக்கலாம். 'வரட்டாம்' என்ற ஒரு சொல்லுக்குள் கட்டளையும் வேண்டுகோளும் அழைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏலுமென்றால் என்பதும் அவசரமில்லை என்பதும் அதில் ஏறாது. பிள்ளையைக் கோபிக்காமல் "டீச்சர் என்ன எண்டு சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்று கேட்டால், 'என்று' போட்டு முழுப் பேச்சும் வரும். பிள்ளைக்கு ஞாபகம் இல்லாததால் அல்ல, 'வரட்டாம்' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்ததால்தான் மீதி வராமல் இருந்தது.

இதே கேள்வி செய்தியை வாசிப்பவருக்கும் உதவும். ராத்தா பதில் எழுதுமுன் ஒரே ஒரு வரி கேட்டிருக்கலாம்: "விருப்பமில்ல எண்டு யார் சொன்ன?" தங்கை விரலை நிறுத்தி யோசித்திருப்பாள். அப்படி யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்திருக்கும்.